25 மார்க் எங்கே போகிறது? அலகுத் தேர்வுக்கு ஒரு புளூபிரிண்ட்!

நாளைக்கு அலகுத் தேர்வு. முந்தைய நாள் இரவு, புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளில் நாலைந்தை டிக் அடித்தால் கேள்வித்தாள் ரெடி. அவசரத்தில் இப்படி எடுக்கிற தாளில் ‘வரையறு’, ‘கூறுக’ ரகக் கேள்விகளே நிறைந்துவிடும். வரி பிசகாமல் மனப்பாடம் செய்த பிள்ளை 25-க்கு 25 வாங்கிவிடும். புரிந்து படித்த பிள்ளைக்கு அதைக் காட்ட ஒரு கேள்விகூட இருக்காது.

கேள்வி எழுதும் முன்பே மார்க்கைக் கட்டம் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் புளூபிரிண்ட். உதாரணத்துக்கு, எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வெப்பம்’ பாடம். வெப்பம் பரவும் விதத்துக்கு 4 பீரியட், தன் வெப்ப ஏற்புத்திறனுக்கு 4, பிளாஸ்க் வேலை செய்யும் விதத்துக்கு 2 பீரியட் ஆனதாக வைத்துக்கொள்வோம். நடத்திய நேரத்துக்கு ஏற்ப மார்க் 10, 10, 5 என்று பிரியும்.

அடுத்து நோக்கம். நினைவில் வைத்துச் சொல்வதற்கு 7, புரிந்து விளக்குவதற்கு 11, புதிய சூழலில் பயன்படுத்துவதற்கு 7 மார்க். கேள்வி வகை: ஒரு மார்க் 5, இரண்டு மார்க் 5, ஐந்து மார்க் 2. இந்த மூன்று கணக்கும் ஒரே கட்டத்தில் பொருந்த வேண்டும். ஏற்புத்திறனுக்கான 10 மார்க்கைப் பாருங்கள்: நினைவுக்கு ஒரு மார்க் கேள்விகள் மூன்று, புரிதலுக்கு இரண்டு மார்க்கில் ஒன்று, பயன்படுத்த ஐந்து மார்க் கணக்கு ஒன்று.

சறுக்குவது அந்தக் கணக்கில்தான். 2 கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? தண்ணீரின் ஏற்புத்திறன் சுமார் 4,200 என்பதால், 2 × 4200 × 30 = 2,52,000 ஜூல். இதே எண்களோடு வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கு என்றால், அது ‘பயன்படுத்துதல்’ கட்டத்தில் சேராது. பார்க்கத்தான் கணக்கு, உண்மையில் ஞாபகசக்தித் தேர்வு. எண்களை மாற்றினாலும் பாதிக் கிணறுதான். ஒரே அளவு வெப்பம் கொடுத்தால் ஒரு கிலோ தண்ணீர், ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் இரண்டில் எது சீக்கிரம் சூடாகும், ஏன் என்று சேர்த்துக் கேட்டால்தான் பிள்ளை யோசிக்கும்.

அதனால் தாளை எழுதி முடித்ததும், கட்டத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு கேள்விக்கும் நோக்கத்தை மறுபடி குறித்துப் பார்ப்பது நல்லது. ‘அல்லது’ கேள்வி வைத்தால் இரண்டும் ஒரே கட்டத்திலிருந்து வர வேண்டும். ஒன்று வரையறை, இன்னொன்று கணக்கு என்றால் பிள்ளைகள் எதை எடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

கடினம் என்பது இதிலிருந்து வேறு விஷயம். எளிது 8, நடுத்தரம் 12, கடினம் 5 என்று ஆசிரியர் பிரிப்பது முன்கூட்டிய யூகம்தான். விடைத்தாள் திருத்தும்போது 40 பேரில் 36 பேர் ‘கடினமான’ கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தால், அடுத்த முறை அது ‘எளிது’ பக்கம் போகும்.

தெர்மாமீட்டரைச் சரியாகப் பிடித்து அளவு பார்க்கத் தெரிகிறதா என்பதை மட்டும் இந்தத் தாள் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் நின்றுதான் மார்க் போட வேண்டும்.