அப்பாவின் மூன்று நட்சத்திரம்

காது மிஷின் விற்கும் கடைகளின் கூகுள் மேப்ஸ் பக்கத்தைத் திறந்தால், ‘அப்பாவுக்கு வாங்கினோம். நல்ல தரம், அன்பான சேவை’ என்ற வகை விமர்சனங்கள் அடிக்கடி கண்ணில் படும். கூடவே ஐந்து நட்சத்திரம். எழுதியவர் மகனாகவோ மகளாகவோ இருப்பார். மிஷினைக் காதில் மாட்டியிருப்பவர் மட்டும் அந்த விமர்சனத்தில் எங்கும் இருக்கமாட்டார். அடுத்து வாங்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அவரிடம்தான் இருக்கிறது. போனில் தட்டத்தான் அவருக்கு வராது.

கோவைப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். வயது 74. மகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர் இப்படிச் சொல்வார்: “சத்தமெல்லா நல்லாத்தான் கேக்குது கண்ணு. பேச்சுத்தான் பிடிபட மாட்டேங்குது. நாம்பேசுனா பானைக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசுறாப்புல இருக்குது. டீக்கடைல உக்காந்தா கழட்டிச் சோப்புல போட்டுக்குவேன்.”

மகள் இதைச் சுருக்கி ‘ஒலித்தரம் சுமார்’ என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. ஏனென்றால் அந்தப் பானை வெறும் பேச்சுச் சுவைக்காக வந்ததல்ல. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் கீச்சொலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. கனமான ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட காதைக் கருவியின் அச்சு இறுக்கி அடைத்தால், சொந்தக் குரல் உள்ளேயே முழங்கும். அச்சில் காற்றுத் துளையைப் பெரிதாக்கியோ, திறந்த வகை முனையை மாற்றியோ பல சமயம் இதைக் குறைத்துவிடலாம். பானை என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் அனுபவமுள்ள காது நிபுணருக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று புரிந்துவிடும். ‘சுமார்’ என்பதிலிருந்து ஒன்றும் புரியாது.

ஆகவே முதல் வேலை, அவர் பேசுவதைப் பதிவு செய்வது. போனில் இருக்கும் குரல்பதிவுச் செயலி போதும். அவருக்குத் தெரியாமல் பதியக் கூடாது. கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும். குரலைத் தானாக எழுத்தாக்கும் மைக் வசதி தமிழுக்கும் உண்டு என்றாலும், வட்டார வழக்கும் பல் விழுந்த வாயும் சேர்ந்தால் அது தடுமாறிவிடும். பதிவைப் போட்டுக் கேட்டுக் கையால் எழுதுவதே நல்லது. கேள்வியும் திறந்ததாக இருக்கட்டும். ‘பேட்டரி மாத்தறது கஷ்டமாப்பா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்று முடித்துவிடுவார். ‘பேட்டரி எப்படிப்பா மாத்தறீங்க?’ என்று கேட்டால்தான், அந்தச் சின்ன மூடி விரலுக்கு அகப்படாமல் மருமகளைக் கூப்பிடும் கதை வெளியே வரும்.

பேசியதையெல்லாம் போட வேண்டியதில்லை. பெரியவர் நடுவில் ஆலை மேஸ்திரியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருப்பார், அதை வெட்டலாம். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். அவர் சொல்லாத ஒன்றைச் சேர்க்கத்தான் கூடாது. அவருடைய சொல்லுக்குப் பதில் தன் சொல்லைப் போடவும் கூடாது. ‘ஏமாத்துக்காரப் பசங்க’ என்று அவர் திட்டியிருந்தால், என்ன நடந்தது என்று மறுபடி கேட்க வேண்டும். பில்லில் சொன்னதைவிட 1,500 ரூபாய் கூடுதலாக இருந்தது என்பார். அதை எழுதினால் படிப்பவருக்கும் பயன், பில்லைக் காட்டி நிரூபிக்கவும் முடியும். வசவு போவதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். அவர் பிடிவாதமாக நின்றால், தன் கணக்கில் அதை வெளியிட மாட்டேன் என்று மகள் மறுக்கலாம்; வெளியாவது அவள் பெயரில், பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அவருக்குத் தெரியாமல் மாற்றிப் போடுவது மட்டும் கிடையாது.

பத்திரப் பதிவிலும் மனு எழுதுமிடத்திலும் இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்முன் வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதையும் அதிலேயே குறிப்பார்கள். விமர்சனத்துக்கும் அதுவே பொருந்தும். காது மந்தமானவர் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் கூடுகிறது. ஹாலில் டிவி ஓட, தூரத்தில் நின்று ‘போட்டுறட்டுமாப்பா?’ என்று கேட்டால் அவர் தலையாட்டுவார். காது கேளாத பலர் எதற்கும் தலையாட்டிப் பழகியவர்கள். திரும்பத் திரும்ப ‘என்ன, என்ன’ என்று கேட்கும் கூச்சம் அப்படி. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிவியை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, முகம் தெரியப் படித்துக் காட்ட வேண்டும். கண் பார்வை நன்றாக இருந்தால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. என்ன போடப்போகிறோம் என்று அவர் தன் வாயால் திருப்பிச் சொன்னால் நம்பலாம்.

வாசகத்துக்கு ஒப்புக்கொண்டவர், ஊருக்குத் தெரிவதற்கும் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்குக் காது கேட்காது என்பதைச் சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்லாத பெரியவர்கள் உண்டு. மகளின் கணக்கில் போட்டால் மகளின் பெயரும் படமும் தெரியும். பெயரைத் தட்டினால் அவள் எழுதிய மற்ற விமர்சனங்களும் வரும். தெரிந்தவர்கள் ‘அப்பா’ யாரென்று ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். கடைக்காரர் பதில் எழுதலாம், போன் செய்து சமாதானமும் பேசலாம். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பெயர், தெரு, பில் நம்பர் எதுவும் தேவையில்லை. ‘என் அப்பா, வயது 74, ஆலையில் வேலை பார்த்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதியது. படித்துக் காட்டிவிட்டுப் போடுகிறேன்’ என்ற தொடக்கம் போதும். அவர் வேலையைக் குறிப்பிட வேண்டாம் என்றால் அதுவும் போகட்டும். இதை எழுதிவிட்டு மகன் கணக்கிலிருந்து இன்னொன்று போடுவது தப்பு. காதில் மாட்டியவர் ஒருவர்தான்.

நட்சத்திரத்துக்கு வருவோம். எத்தனை போடலாம் என்று கேட்டால் பெரியவர் ‘மூணு போடு’ என்பார். ஐந்துக்கு மூன்று அறுபது சதவீதம். அவர் படித்த காலத்தில் அது முதல் வகுப்பு. திருப்தியாகத்தான் சொல்கிறார். ஆனால் இணையத்தில் மூன்றைப் பார்ப்பவர்கள் கடை சரியில்லை என்று நினைப்பார்கள். அந்தக் கணக்கை அவரிடம் விளக்கலாம். விளக்கிய பிறகும் மூன்று என்றால் மூன்றுதான். ஐந்து போட்டால் பேட்டரி அட்டை ஒன்று இலவசம் என்று கடையில் சொன்னால் வாங்கக் கூடாது. சன்மானத்துக்கு விமர்சனம் எழுதுவதை கூகுள் விதிகள் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இணைய விமர்சனங்களுக்கென IS 19000 என்ற தரநிலையை 2022ல் வெளியிட்டது. விமர்சனங்களைத் திரட்டி வெளியிடும் தளங்களுக்கானது அது.

நினைவு தடுமாறத் தொடங்கிய பெற்றோர் என்றால் இந்த முறை ஒத்துவராது. காலையில் சரி என்றவர் மாலையில் எந்த மிஷின் என்று கேட்பார். அப்போது மகள் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் தன் கூற்றாக எழுதலாம்: எத்தனை மணி நேரம் மாட்டியிருக்கிறார், எப்போது பிடுங்கிப் போடுகிறார். அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று ஊகித்து எழுதக் கூடாது.

விமர்சனம் போட்டதோடு வேலை முடிவதில்லை. புது மிஷினுக்குக் காது பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், எத்தனையாவது வாரத்தில் சொன்னது என்று எழுதியிருப்பது அவசியம். நம் பெரியவர் மறுபடி கடைக்குப் போய், அச்சில் துளையைப் பெரிதாக்கி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். “இப்பப் பானை இல்ல. டீக்கடைலதான் இன்னும் ஆவல” என்கிறார். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், குறை சரியான கதை யாருக்கும் தெரியாமல் போகும். கூகுள் மேப்ஸில் தன் விமர்சனத்தைத் திறந்து, பழைய வாசகத்துக்குக் கீழே தேதி போட்டு இந்த இரண்டு வரியைச் சேர்க்கலாம். நட்சத்திரத்தை மாற்றலாமா என்று அவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அதே இடத்தில் நீக்கும் வசதியும் இருக்கிறது. வேண்டாம் என்று அவர் ஒருநாள் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடலாம்.