நூறு வெள்ளியில் ஒரு பயிற்சிக் கணக்கு

கூகுள் நிறுவனம் தேடல் விளம்பரத்தில் ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. Skillshop என்னும் அதன் பாடத்தளத்தில் இத்தேர்வை இலவசமாகவே எழுதலாம். 75 நிமிடத்தில் 50 கேள்விகள். 80 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ வீட்டிலிருந்தபடியே இதற்குப் படிக்க விரும்பும் ஒருவர், படிப்பை நான்கு வாரமாகப் பிரித்துக்கொள்வது எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதல் வாரம் காசு செலவழிக்க வேண்டாம். பாடங்களை ஒருமுறை படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நம் சொந்த மொழியில் ஒரு பக்கம் குறிப்பு எழுதினால் போதும்.

இரண்டாம் வாரம் கணக்கைத் திறப்போம். வீட்டில் முறுக்கு சுட்டுத் தீபாவளிக்கு விற்கும் ஓர் அம்மாவுக்காக விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 வெள்ளி; 20 நாளுக்கு 100 வெள்ளி; அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. நாள் வரம்பு 5 வெள்ளி என்றாலும் ஏதோ ஒரு நாளில் 10 வெள்ளி வரை போகக்கூடும் என்பதையும், மாதக் கணக்கில் 30.4 நாள் அளவைத் தாண்டாது என்பதையும் அறிந்துகொண்டால் பதற வேண்டியதில்லை. தேர்விலும் இதைக் கேட்கலாம்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது இட அமைப்பு. கணக்கு தானாகத் தேர்ந்து வைத்திருப்பது Presence or interest. அதாவது, கோலசிலாங்கூரில் இருப்பவர்கள் மட்டுமின்றி, அவ்வூரைப் பற்றித் தேடுகின்ற வெளியூராருக்கும் விளம்பரம் தெரியும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருவோரை எதிர்நோக்கும் தங்கும் விடுதிக்கு இதுவே சரி. பினாங்கிலிருந்து தேடுபவர்தானே அவர்களின் வாடிக்கையாளர்! ஈஜோக் வட்டாரத்துக்குள் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும் முறுக்குக்காரருக்கோ அது வீண் செலவு. அவர் Presence என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக் கேள்விகள் பலவும் இப்படி ஒரு வணிகரின் நிலைமையைச் சொல்லி எது பொருந்தும் என்று கேட்பவை. ஆகவே ஒவ்வோர் அமைப்பையும் இரண்டு வணிகர்களுக்கு வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

மூன்றாம் வாரம்தான் நம் 100 வெள்ளி உண்மையில் பாடம் சொல்லும் வாரம். muruku என்ற தேடுசொல்லை விரிந்த பொருத்தத்தில் விட்டால் என்ன நேரும்? Search terms என்னும் அறிக்கையைத் திறந்தால் மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள் தெரியும். வாங்க வருவோரோடு resepi muruku என்று செய்முறை தேடுவோரும், acuan muruku என்று அச்சு தேடுவோரும் வந்திருக்கக்கூடும். அவர்கள் அழுத்தியதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். உடனே resepi, acuan ஆகியவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்க்கலாம். ஆனால் விலக்குச் சொல் பொருளைப் பார்ப்பதில்லை. resepi என்று விலக்கினால் ஆங்கில recipe நிற்காது. Cara buat என்பதும் நிற்காது. மலாயும் ஆங்கிலமும் கலந்து தேடும் நம் நாட்டில், இவற்றைத் தனித்தனியே எழுதியாக வேண்டும். அந்த அறிக்கையும் முழுமையானதன்று. மிகச் சிலரே தேடிய சொற்களை அது காட்டாது. சிறிய கணக்கில் இந்த மறைவு பெரிதாகவே தெரியும்.

நான்காம் வாரம் ஒரு முரண்பாட்டைச் சந்திப்போம். விரிந்த பொருத்தத்தையும் தானியங்கி ஏல முறையையும் சேர்த்துப் பயன்படுத்துமாறு பாடம் பரிந்துரைக்கும். நம் கணக்கில் அது சரியாக வேலை செய்ததா என்று சொல்லவே முடியாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஓர் அழுத்தத்துக்கு 1 வெள்ளி என்று கொண்டால் மொத்தம் 100 அழுத்தங்கள். நூற்றுக்கு மூவர் வாங்கினாலும் 3 வாங்கல்கள்தாம். ஏல முறையை எடைபோடக் குறைந்தது 30 வாங்கல்களாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. 3 வாங்கல் 5 ஆனதை வைத்து, மாற்றம் பலித்தது என்று எவரும் சொல்ல இயலாது. ஆகவே இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்வோம். ஒன்றில் பாடம் சொல்லும் விடை. தேர்வில் அதையே எழுத வேண்டும். மற்றொன்றில், சிறிய கணக்குக்கு ஏற்றது: சொற்றொடர்ப் பொருத்தம், அழுத்தத்துக்கு உச்ச விலை வைத்த Maximize clicks. இரண்டையும் ஒரே ஏட்டில் கலந்து எழுதியவர், தேர்வில் தம் அனுபவத்தை விடையாக எழுதி மதிப்பெண் இழப்பார்.

தேர்வில் தவறினால் ஒரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். அந்த ஒரு நாளில் தடுமாறிய பகுதியை மட்டும் படித்தால் போதும். தீபாவளி முடிந்த அன்றே கணக்கைத் திறந்து, அந்த விளம்பரத் தொகுப்பு Paused என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட வேண்டும். முறுக்கு தீர்ந்த பிறகும் அந்த 5 வெள்ளி தினமும் போய்க்கொண்டுதான் இருக்கும்.