டெமோ வகுப்பு யாருடைய காலையில்?

திருச்சியில் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் தமிழ் சொல்லித்தரும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தாயிடமிருந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்: "வணக்கம் டீச்சர், பாப்பாவுக்கு 9 வயசு. நாம தமிழ்ல பேசினா புரியும், படிக்கத் தெரியாது. வீக்கெண்ட்ல காலைல ஒரு டெமோ கிளாஸ் வைக்க முடியுமா?"

"வைக்கலாமே, சனிக்கிழமை காலை 7 மணி" என்று பதில் போட்டுவிடுவது சுலபம். ஆனால் அது யாருடைய காலை? திருச்சியில் சனிக்கிழமை காலை 7 மணி என்றால் அக்டோபர் மாதத்தில் நியூ ஜெர்சியில் வெள்ளிக்கிழமை இரவு 9.30. ஒரு வாரப் பள்ளியை முடித்துவிட்டுக் குழந்தை தூங்கப் போகும் நேரம். அந்தத் தாயோ தன் ஊர்க் கணக்கில் சனிக்கிழமை காலை குழந்தையை எழுப்பி, தலை வாரி, லிங்கைத் திறந்து காத்திருப்பார். அப்போது இங்கே மாலை 4.30. இருவரும் சொன்ன சொல் தவறவில்லை, வகுப்பு மட்டும் நடக்கவில்லை. அடுத்து வருவது "சாரி டீச்சர்", "பரவாயில்லைங்க", பிறகு பதிலே வராத மௌனம்.

இதைத் தவிர்க்க அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நேரத்தை எப்போதும் குழந்தையின் ஊர்க் கணக்கில் முதலில் எழுதுவார்கள், தங்கள் நேரத்தை அதன் பக்கத்தில் குறிப்பார்கள். கிழமையையும் தேதியையும் விடமாட்டார்கள், ஏனென்றால் அமெரிக்காவைப் பொறுத்தவரை மணி மட்டுமல்ல, நாளே மாறிப்போகும். குழந்தையின் கணக்கை முதலில் வைப்பதற்கும் காரணம் உண்டு. பள்ளி, நீச்சல், பாட்டு வகுப்பு எல்லாம் அந்த ஊர்க் கடிகாரத்தின்படிதான் நடக்கின்றன. அங்கே நகர்த்த இடமில்லை, நகர வேண்டியவர் ஆசிரியர்தான்.

அப்படி எவ்வளவு நகர வேண்டியிருக்கும் என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். நியூ ஜெர்சியில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். 2026-ல் அந்த நவம்பர் ஞாயிறு 1-ஆம் தேதி வருகிறது. கோடையில் நாம் அவர்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் அந்த ஒரு மணி நேர மாற்றம் முழுவதும் ஆசிரியையின் மாலைப் பொழுதில் வந்து விழும்.

நம் ஆசிரியை ஞாயிறு மாலை 7.30 மணிக்கு உள்ளூர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் அந்தத் தாய் ஞாயிறு காலை 9 மணி கேட்டால், இங்கே மாலை 6.30. நேரம் காலியாக இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம் என்றே தோன்றும். ஆனால் நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து அதே 9 மணி இங்கே 7.30 ஆகிவிடும், பத்தாம் வகுப்போடு மோதும். வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்தில் "நேரத்தை மாத்திக்கலாமா?" என்று கேட்க வேண்டிய நிலை வரும். ஆகவே, டெமோவுக்கு என்று தனியாக ஒரு நேரம் கொடுப்பது தவறு என்பது என் முடிவு. ஆண்டு முழுவதும் தொடர்ந்து தர முடிகிற நேரத்தில்தான் டெமோவையும் வைக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அந்த நேரத்தில் குழந்தை எவ்வளவு விழிப்போடு இருக்கிறது, வீட்டில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதை டெமோ நாளிலேயே இரு தரப்பும் பார்த்துவிடலாம்.

நேரம் சொல்லும் முன் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. "படிக்கத் தெரியாது" என்று தாய் சொல்வதில் பல நிலைகள் இருக்கின்றன. அ, ஆ தெரியாத குழந்தையும் உண்டு. க, ச, ட வரை அடையாளம் கண்டு, 'கொ' வந்ததும் திகைத்து நிற்கும் குழந்தையும் உண்டு. ஒலிப்பது ஓர் எழுத்து, எழுதும்போதோ கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க' என்று அமைவது ஆங்கில எழுத்தில் பழகிய கண்ணுக்குப் புதிது. இவர்கள் இருவருக்கும் ஒரே டெமோ நடத்த முடியாது. குழந்தை எழுதிய தமிழ்ப் பக்கம் ஒன்றின் படத்தை அனுப்பச் சொன்னால் போதும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேள்விக்குக் குழந்தை தமிழில் பதில் சொல்கிறதா, ஆங்கிலத்தில் சொல்கிறதா என்பதையும் கேட்டுவிடலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆசிரியை அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம்ங்க. பாப்பா எழுதிய பக்கத்தைப் பார்த்தேன், உயிரெழுத்து நன்றாக வருகிறது. டெமோவுக்கு இரண்டு நேரம் சொல்கிறேன். உங்கள் ஊர் நேரப்படி அக்டோபர் 17 சனிக்கிழமை காலை 8.30, எங்களுக்கு அன்று மாலை 6.00. அல்லது அக்டோபர் 18 ஞாயிறு காலை 8.00, எங்களுக்கு மாலை 5.30. நீங்கள் எடுக்கும் நேரமே பிறகு வாராந்திர வகுப்புக்கும் தொடரும், நவம்பரில் கடிகாரம் மாறினாலும் உங்கள் நேரம் மாறாது. பாப்பாவுடன் 30 நிமிடம், அதன்பிறகு உங்களுடன் போனில் 10 நிமிடம். டெமோவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். லிங்கை உங்கள் எண்ணுக்கு மட்டும் அனுப்புவேன், வகுப்பு நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எந்த நேரம் என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், அதுவரை இரண்டையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன்."

இரண்டு நேரம் மட்டும் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. "உங்களுக்கு எது வசதி?" என்று விட்டுவிட்டால் பேச்சு நாலு நாள் இழுக்கும். ஐந்தாறு நேரம் அடுக்கினால் "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று பதில் வரும். கெடு வைத்ததும் அதே காரணத்துக்காகத்தான். கெடு இல்லையென்றால் அந்த இரண்டு நேரத்தையும் வேறு யாருக்கும் தர முடியாமல் ஆசிரியை காத்திருக்க நேரிடும்.

பெற்றோருடன் பேசுவதைப் போனுக்கு மாற்றியதிலும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும். குழந்தை ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், கட்டணமும் விடுமுறை வகுப்புகளும் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிடும். பணப் பேச்சு பாதியில் அறுந்தால் இரு பக்கமும் சங்கடம்.

பதிலாக ஒரு கட்டைவிரல் குறி வந்தால் உறுதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த நேரத்துக்கு அந்தக் கட்டைவிரல்? "அப்போ சனிக்கிழமை 17, எங்க டைம் 8.30 கன்ஃபர்ம் டீச்சர்" என்று தாய் தன் கையால் எழுதினால்தான் நேரம் உறுதியாகிறது. அப்படி எழுதவில்லையென்றால் ஆசிரியை கேட்டு வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முந்தைய நாள் லிங்கை அனுப்பும்போது கிழமை, தேதி, நேரம் மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். பழைய செய்தியைத் தேடிப் பார்க்கும் வேலையை யாருக்கும் வைக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். டெமோ இலவசம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியர் வேறொரு குழந்தைக்குக் கொடுக்காமல் உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். வர முடியாதென்றால் முந்தைய நாளே ஒரு வரி போட்டுவிடுங்கள். டெமோ பிடிக்கவில்லை என்றாலும் மௌனமாக இருந்துவிடாமல், "வேண்டாம் டீச்சர்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் அடுத்த குழந்தைக்குப் போகும்.