மெர்ச்சண்டைசர் மாறும்போது பையருக்கு எழுதும் கடிதம்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு பையரோடு அன்றாடம் பேசுபவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, மெர்ச்சண்டைசர்தான். விலை கேட்டு வரும் முதல் மெயிலிலிருந்து பெட்டிகள் கப்பலேறும் வரை, சாயத்தின் ஷேடு, அளவு, லேபிள், பட்டன், பேக்கிங், தேதி என்று எல்லாம் அவர் வழியாகவே போகும், வரும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் போனால், பையருக்கு நிறுவனம் என்பதே அந்த ஒருவரின் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும்தான். அவர் வேலையை விட்டுப் போகும்போது பையருக்குத் தகவல் சொல்வது வெறும் மரியாதைக் கடிதமாக நின்றுவிட முடியாது. நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை எழுத்தில் பதிந்துகொள்ளக் கிடைக்கும் வாய்ப்பும் அதுவே.

ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பையர் ஒருவருக்கு அது மூன்று ஆர்டர்களைக் கையாள்கிறது. முதலாவது 12,000 ஆண்கள் டி-ஷர்ட். உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் பி.பி. சாம்பிளுக்கு ஒப்புதல் கிடைத்து, கட்டிங் தொடங்கிவிட்டது. இரண்டாவது 8,000 குழந்தைகள் டி-ஷர்ட். சாய ஆலை செய்து கொடுத்த லேப் டிப், அதாவது மாதிரிச் சாயத் துணித் துண்டுகள், ஏ, பி, சி என மூன்றாகப் பையருக்குப் போயிருக்கின்றன. மூன்றாவது இன்னும் விலை பேசும் நிலையில் இருக்கிறது. இந்த நிலையில் மெர்ச்சண்டைசர் அக்டோபர் 1 அன்று விலகல் கடிதம் கொடுக்கிறார். நோட்டீஸ் காலம் 30 நாள்.

பையருக்கு உடனே மெயில் தட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வாரிசு யார் என்று முடிவாகாமல் எழுதப்படும் கடிதம் பையருக்குக் கவலையை மட்டுமே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே சமயம் மாதக் கடைசி வரை தள்ளிப்போட்டால், செய்தி வேறு வழியில் போய்விடும். ஊழியரே சொல்லலாம், பக்கத்து நிறுவனத்திலிருந்தும் போகலாம். விலகுபவர் அடுத்த மாதமே போட்டி நிறுவனத்தில் சேர்ந்து அதே பையரை அழைப்பதும் திருப்பூரில் நடக்கக்கூடியதே. வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று கையெழுத்து வாங்கி வைப்பது பெரிதாகக் கைகொடுக்காது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-இன்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. எனவே விலகல் உறுதியான முதல் பத்து நாட்களுக்குள் ஆளை முடிவு செய்து பையரிடம் சொல்லிவிடுவதே நல்லது.

அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டிய முக்கிய வேலை, ஆர்டர் நிலைத்தாள் ஒன்றைத் தயாரிப்பது. நிறுவனத்தில் ஏற்கெனவே டி.என்.ஏ. எனப்படும் தேதி அட்டவணை இருக்கும். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதை அது காட்டும். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை அது காட்டாது. நிலைத்தாளில் ஒவ்வொரு ஆர்டருக்கும் முடிந்தது என்ன, நிலுவை என்ன, அடுத்த தேதி எது என்பவற்றோடு, ‘ஆதாரம் எங்கே’ என்றும் ஒரு கட்டம் வேண்டும். ஒப்புதல் மெயிலில் வந்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா, போனில் பேசியது மட்டும்தானா என்பதை அங்கே குறிக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தை நிரப்பும்போதுதான் மறைந்திருந்தவை வெளியே வரும்.

எடுத்துக்கொண்ட நிறுவனத்திலும் அப்படி இரண்டு செய்திகள் வெளிவருகின்றன. குழந்தைகள் ஆர்டரின் லேப் டிப்புக்கு ‘பி’ ஒப்புதல் என்று மெயில் இருக்கிறது. ஆனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் பையர் இன்னொரு வரி எழுதியிருக்கிறார்: கடை வெளிச்சத்தில் பார்த்தால் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, உற்பத்தியில் சிவப்பை லேசாகக் கூட்டுங்கள். பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் சரியாகத் தெரியும் ஷேடு, ஐரோப்பியக் கடை விளக்குக்கு நிகரான டிஎல்84-இல் வேறாகத் தெரிவது சாயத் தொழிலில் பழகிய சிக்கல்தான். பழைய மெர்ச்சண்டைசர் அதைச் சாய ஆலைக்கு வாய்மொழியாகச் சொல்ல நினைத்திருந்தார். அவர் போன பிறகு புதியவர் கோப்பை மட்டும் பார்த்தால், ‘பி’ துண்டையே ஆலைக்கு அனுப்புவார். ஏறக்குறைய ஒரு டன் துணி தவறான ஷேடில் சாயமேறி வரும். அதைத் திரும்பச் சாயமேற்றினால் செலவும் நாளும் கூடுவதோடு துணியின் பதமும் கெடலாம். இரண்டாவது செய்தி விலை பற்றியது. மூன்றாவது ஆர்டர் 10,000 உருப்படியைத் தாண்டினால் விலையைக் குறைக்கிறோம் என்று போனில் சொல்லப்பட்டிருக்கிறது. பையருக்கு அது நினைவிருக்கும், நிறுவனத்தின் ஏட்டில் இல்லை.

வாட்ஸ்அப் உரையாடல் ஊழியரின் சொந்த எண்ணில் நடந்திருந்தால், அவர் இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு பையருடனான உரையாடலை மட்டும் ஏற்றுமதி செய்து கோப்பில் சேர்க்க வேண்டும். கடைசி நாளுக்குப் பிறகு அதைக் கேட்டுப் பெறுவது கடினம். நிறுவனத்தின் பெயரிலேயே சிம் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே எழாது.

நிலைத்தாள் தயாரானதும் கடிதம். பையர் ஏற்கெனவே அறிந்த ஒருவர், அதாவது முதலாளியோ மெர்ச்சண்டைசிங் மேலாளரோ, அதை அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத புதியவர் தானே எழுதி அறிமுகமாவது கூடாது. இத்தகைய பையருக்கு, மெயில் போகும் அன்று காலையில் ஒரு போனும் செய்துவிடுவது முறை. கடிதத்தின் சாரம் தமிழில் இப்படி அமையும்:

“உங்கள் ஆர்டர்களைக் கவனித்துவரும் எங்கள் மெர்ச்சண்டைசர் அக்டோபர் 31 அன்று நிறுவனத்திலிருந்து விலகுகிறார். அக்டோபர் 21 முதல் உங்கள் ஆர்டர்களுக்கு இவர் பொறுப்பு. பெயர், மெயில், எண் கீழே. ஐரோப்பிய பையர்களின் குழந்தைகள் ஆடைகளைக் கவனித்து வருபவர். இவர் கிடைக்காதபோது என்னை அழைக்கலாம். மூன்று ஆர்டர்களின் இன்றைய நிலை இணைப்பில் உள்ளது. ஷேடு பற்றிய உங்கள் வாட்ஸ்அப் குறிப்பும், 10,000 உருப்படிக்கு மேல் விலை பற்றிப் பேசியதும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. திருத்தம் இருந்தால் 17-ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள். ஏற்றுமதித் தேதிகளில் மாற்றம் இல்லை. எங்கள் வங்கிக் கணக்கிலும் மாற்றம் இல்லை.”

விலகலுக்கான காரணம் இதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். நல்லபடியாகப் போகிறவருக்கும் மனக்கசப்போடு அனுப்பப்பட்டவருக்கும் ஒரே வாக்கியம்தான். காரணம் சொல்லத் தொடங்கினால் பையர் தன் ஆர்டரை விட்டுவிட்டு நிறுவனத்தின் உள்விவகாரத்தை யோசிக்கத் தொடங்குவார். புதியவரின் பெருமைகளை அடுக்குவதும் வீண். தன் வகைச் சரக்கு இவருக்குப் பழக்கமா என்பதுதான் பையருக்குத் தெரிய வேண்டும், அதற்கு ஒரு வரி போதும்.

கடைசியில் உள்ள வங்கிக் கணக்கு வரி அலங்காரம் அல்ல. வணிக மெயில்களுக்குள் புகுந்து படித்துக் காத்திருக்கும் மோசடிக்காரர்களுக்குத் தொடர்பு ஆள் மாறும் நேரம் வசதியானது. புதிய பெயர், புதிய முகவரி, கூடவே “இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்” என்று ஒரு மெயில் வந்தால், ஆள் மாறிய செய்தியை அறிந்த பையர் சந்தேகப்படாமல் போகலாம். கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், அதில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்பே தெரிந்த எண்ணில் முதலாளியை அழைத்து உறுதி செய்துகொள்ளும்படி போனிலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

அடுத்த இருபது நாள் பொறுப்பு மெல்ல நகர வேண்டும். அக்டோபர் 20 வரை பழையவர் எழுத, புதியவர் நகலில் இருப்பார். இடையில் அரைமணி நேர வீடியோ அழைப்பு ஒன்று நடக்க வேண்டும். அதில் முதல் ஆர்டரைப் பழையவர் விளக்கட்டும், மற்ற இரண்டையும் புதியவரே பேசட்டும். அவர் பேசுவதைக் கேட்டால்தான் பையருக்கு நம்பிக்கை வரும், புதியவருக்கு எது புரியவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். 21-ஆம் தேதியிலிருந்து வரிசை மாறும்: புதியவர் எழுதுவார், பழையவர் நகலில் இருப்பார். நேரக் கணக்கும் புதியவருக்குப் பழக வேண்டும். ஜெர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை ஹாம்பர்க்கின் காலை 9 மணி இங்கே பகல் 12.30, அதன் பிறகு 1.30. அமெரிக்கப் பையர்களுக்காக மாலையில் உட்கார்ந்து பழகியவர், முதல் வாரத்திலேயே பதில் தாமதம் என்ற பெயரை வாங்க இது ஒன்றே போதும்.

பலரும் மறப்பது கூரியர். பையர் அனுப்பும் சாம்பிள் பார்சல்களில் பழையவரின் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தப் பெயரில் ஆளில்லை என்று வாசலில் பார்சலைத் திருப்பி அனுப்பினாலோ, பழைய மேசையில் வைத்துவிட்டாலோ, ஒப்புதல் முத்திரையோடு வந்த சாம்பிள் ஒரு வாரம் கிடந்துவிடும். வாசல் காவலருக்கும் வரவேற்பு மேசைக்கும் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுப்பதோடு, பையரின் சப்ளையர் பதிவில் தொடர்புப் பெயரை மாற்றச் சொல்லியும் கேட்க வேண்டும்.

நோட்டீஸ் இல்லாமல் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால் இந்த வரிசை எதற்கும் நேரமிருக்காது. அப்போது கடைசி மூன்று மாத மெயில்களைப் படித்து, புரிந்தவரை நிலைத்தாளை எழுதி, “எங்கள் பதிவுகளின்படி நிலை இது, விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்” என்று வெளிப்படையாகக் கேட்பதே வழி. பையரின் பதில் வரும் வரை திரும்பப் பெற முடியாத வேலைகளை, அதாவது சாயமேற்றுவதையும் துணி வெட்டுவதையும், நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு நாள் தாமதத்தைப் பையர் பொறுத்துக்கொள்வார். தான் சொன்ன திருத்தம் இல்லாமல் வந்த சரக்கைப் பொறுக்க மாட்டார்.

மாற்றம் சரியாக நடக்கவில்லை என்பது புகாராக வருவதற்கு முன்பே சில அறிகுறிகளில் தெரியும். பையர் சின்ன விஷயங்களுக்கும் முதலாளியையே நகலில் சேர்ப்பார். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியை மறுபடி கேட்பார். பழையவரின் சொந்த எண்ணுக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேலாளர் பையரை அழைத்து, எந்த ஆர்டரில் குழப்பம் என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

விலகியவரின் மெயில் முகவரியை அவர் போன மறுநாளே மூடிவிடக் கூடாது. கடவுச்சொல்லை மாற்றி, வரும் மெயில்கள் புதியவருக்கும் மேலாளருக்கும் போகும்படி வைக்க வேண்டும். அனுப்பியவருக்குப் புதிய தொடர்பைச் சொல்லும் தானியங்கிப் பதிலும் போக வேண்டும். சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அளவுக் குறைவு, ஷேடு வேறுபாடு என்று கழிவு கேட்டு மெயில் வரக்கூடும். அதனால், அவர் கையாண்ட கடைசி ஆர்டருக்கான முழுப் பணமும் வந்து சேரும் வரையாவது அந்த முகவரி திறந்திருக்க வேண்டும். இந்த நிறுவனத்தில் குழந்தைகள் ஆர்டர் ஜனவரியில் கப்பலேறுவதானால், மார்ச் முடியும்வரை அதை விட்டுவைப்பது சரியாக இருக்கும்.