அலுமினியமா, ஸ்டீலா? குக்கர் வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்க!

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து ஓ.டி. பக்கம் வீடு எடுப்பவர்கள், ஆவடியில் ரூம் ஷேர் செய்பவர்கள், பூந்தமல்லியில் புதுசாகக் குடித்தனம் ஆரம்பிப்பவர்கள்... பலருக்கும் முதல் சமையலறை என்பது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குக்கரும்தான். கேஸ் கனெக்‌ஷன் பிறகு பார்த்துக்கலாம் என்று ஊரிலிருந்து வந்த அலுமினிய குக்கரை இண்டக்‌ஷன் மேல் வைத்தால், அடுப்பு 'பீப் பீப்' என்று கத்திவிட்டு E0 மாதிரி ஏதோ ஒரு எழுத்தைக் காட்டி அணைந்துவிடும். உடனே பாத்திரக் கடைக்குப் போனால் அடுத்த குழப்பம். அலுமினியம் விலை குறைவு, ஸ்டீல் ஆரோக்கியம், இந்தக் கறுப்பு குக்கர் ரெண்டுக்கும் நடுவில் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இதில் முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும். உங்கள் அடுப்பு எது? குக்கரில் நேரடியாக என்ன சமைப்பீர்கள்? சமைத்ததை எவ்வளவு நேரம் அதிலேயே வைப்பீர்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இண்டக்‌ஷனில் அலுமினியம் ஏன் சூடாவதில்லை?

கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுடுகிறது. இண்டக்‌ஷனில் அடுப்பு சூடாவதே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காப்பர் காயில், நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாறும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்ன மின்சுழல்களை ஓட வைக்கிறது. இரும்பு மாதிரி காந்தம் ஒட்டும் உலோகம் அந்த மின்சாரத்துக்கு நல்ல தடையாக இருக்கும். அந்தத் தடைதான் சூடாக மாறுகிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, மின்சாரமும் அதில் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் வீட்டு அடுப்பு தரும் காந்தப் புலத்தில் அது போதுமான அளவு சூடாகாது. மேலே சரியான பாத்திரம் இல்லை என்று முடிவுசெய்து அடுப்பு தானாகவே நின்றுவிடும்.

அப்போ ஸ்டீல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு. பாத்திரங்களுக்கு நல்ல ரகம் என்று சொல்லப்படும் 304 வகை ஸ்டீலில் காந்தம் சரியாக ஒட்டாது. அதனால்தான் இண்டக்‌ஷன் ஸ்டீல் குக்கர்களின் அடியில், காந்தம் ஒட்டும் 430 போன்ற வேறு ரக ஸ்டீலைத் தனியாகப் பொருத்துகிறார்கள். அதேபோல அடியில் ஸ்டீல் தகடு பதித்த அலுமினிய குக்கர்களும் கடையில் கிடைக்கின்றன. அவை இண்டக்‌ஷனில் நன்றாகவே வேலை செய்யும்.

ஆக, உடம்பு எந்த உலோகம் என்பதைவிட அடியில் என்ன இருக்கு என்பதுதான் விஷயம். கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். குக்கரைக் கவிழ்த்து அடியின் நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒட்டி, இழுத்தால்தான் வரணும். வழுக்கி விழுந்தால் அந்த குக்கர் கேஸ் அடுப்புக்கு மட்டும்தான். அடி தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே காந்தம் பிடிக்கும் பகுதியின் அகலத்தையும் கவனியுங்கள். அது ரொம்பச் சின்னதாக இருந்தால் சில அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது. ஒன்றரை லிட்டர் குட்டி குக்கர் வாங்குகிறவர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்கணும்.

வெந்துடும், ஆனா அடிப்பிடிக்குமா?

'ஸ்டீல் குக்கரில் லேட்டாத்தான் வேகும்' என்று பலர் சொல்வார்கள். வெயிட் போட்டு பிரஷர் ஏறிய பிறகு இரண்டு குக்கரின் உள்ளேயும் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தீர்மானிப்பது வெயிட், உலோகம் கிடையாது. அதனால் பருப்பு வேகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது.

வித்தியாசம் வருவது வெப்பம் பரவும் விதத்தில். ஸ்டீலைவிட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தீ நடுவில் பட்டாலும் ஓரம் வரைக்கும் சூடு சீக்கிரம் போய்விடும். ஸ்டீலில் சூடு விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் மெல்லிய ஸ்டீல் பாத்திரத்தில் கருகினால், கருகல் பர்னர் அளவுக்கோ காயில் அளவுக்கோ ஒரு வட்டமாகத் தெரிகிறது.

தண்ணீர் தாராளமாக இருந்தால் இது பிரச்னையே இல்லை. கீழே சூடான தண்ணீர் மேலே போகும், மேலே இருப்பது கீழே வரும். அந்தச் சுழற்சியே வெப்பத்தைப் பரப்பிவிடும். சாம்பாருக்குத் துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் எந்த குக்கரிலும் ஒழுங்காக வேகும். மாட்டுவது பொங்கல், பிரியாணி, கிச்சடி மாதிரி கெட்டியானவைதான். வேக வேக இவை இறுகிவிடும், தண்ணீர் சுழலாது, அடியில் இருப்பது அங்கேயே கிடந்து தீயும்.

இதில் இண்டக்‌ஷன்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. விலை குறைந்த பல அடுப்புகளில் 300 வாட்ஸ், 400 வாட்ஸ் என்று குறைத்து வைத்தாலும் அடுப்பு உண்மையில் சிம்மில் எரியாது. சில நொடி நல்ல வேகத்தில் சூடாக்கும், சில நொடி நிற்கும், திரும்பவும் சூடாக்கும். சராசரிதான் 300. மெல்லிய அடி ஒவ்வொரு முறையும் அந்த அடியை அப்படியே சாதத்துக்குக் கொடுத்துவிடும். நீங்கள் சிம்மில் வைத்தும் பொங்கல் தீய்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கான தீர்வுதான் சாண்ட்விச் பாட்டம். மேலே ஸ்டீல், நடுவில் கனமான அலுமினியத் தகடு, கீழே காந்தம் ஒட்டும் ஸ்டீல் என மூன்று அடுக்கு. கீழ் அடுக்கு சூட்டை உண்டாக்கும், நடு அடுக்கு அதைப் பரப்பும், மேல் அடுக்கு சாப்பாட்டைத் தொடும். ட்ரை-ப்ளை என்று விற்பதில் இந்த மூன்று அடுக்கும் அடியில் மட்டுமில்லாமல் பக்கச் சுவர் வரைக்கும் போகும். அதனால் விலையும் கூடும். குக்கரைப் பக்கவாட்டில் பார்த்தால் சாண்ட்விச் அடி ஒரு தடிமனான வட்டத் தட்டு போலத் தனியாகத் தெரியும்.

புளியும் அலுமினியமும்

அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். உலோகத்தைக் காப்பாற்றும் சட்டை அது. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் மாதிரி புளிப்பான பொருள்கள் அந்தச் சட்டையைக் கரைக்கும். சுண்டல் சீக்கிரம் வேகட்டும் என்று போடும் சோடா உப்பும் கரைக்கும். அப்போது கொஞ்சம் அலுமினியம் சாப்பாட்டுக்குள் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது புளிப்பையும் சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. பத்து நிமிஷம் கொதிப்பதைவிட ராத்திரி முழுக்க அதிலேயே கிடப்பது மோசம். பாட்டிகள் புளிக்குழம்பைக் கல்சட்டியிலும் மண்சட்டியிலும் வைத்ததில் அர்த்தம் இருக்கு.

பயப்படணுமா? உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, 2011-ல் ஒரு வரம்பு சொன்னது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரத்துக்கு 120 மில்லிகிராம். இது பாத்திரத்துக்கு மட்டுமான கணக்கு இல்லை. உணவில் இயல்பாக இருப்பது, பேக்கரி அயிட்டங்களில் சேர்க்கப்படுவது எல்லாம் சேர்த்துத்தான். ஆரோக்கியமான சிறுநீரகம் உடம்புக்குள் போன அலுமினியத்தில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது தேங்கும் என்பதால், அவர்கள் வீட்டில் ஸ்டீலே நல்லது. 'அலுமினியத்தில் சமைத்தால் மறதி நோய் வரும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது நிரூபிக்கப்படவில்லை.

குக்கர் உள்ளே கறுப்பது இன்னொரு சந்தேகம். நம்ம ஏரியா போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. அதிலுள்ள உப்புகள் அலுமினியத்தோடு சேர்ந்து அந்தக் கறுப்பு நிறத்தைத் தருகின்றன. கறுப்பு படிவதால் பெரிய ஆபத்து இல்லை. பாத்திரத்துக்குள் வைத்து வேகவைக்கும்போது வெளித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒன்றைப் போட்டால் கறுக்காது. ஆனால் உள்ளே ஊசி குத்தியதுபோல குழிகள் விழ ஆரம்பித்தால் உப்பு உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழிகள் கூடிக்கொண்டே போனால் மாற்றிவிடுங்கள். ஸ்டீலிலும் உப்புக் குழி வரும். அதைத் தடுக்க, தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடுங்கள்.

கறுப்பு நிறத்தில் வரும் ஹார்ட் அனோடைஸ்டு குக்கரும் அலுமினியம்தான். அந்த ஆக்சைடு சட்டையை மின்சாரம் மூலம் தடிமனாக்கியிருப்பார்கள். புளிப்பைச் சாதாரண அலுமினியத்தைவிட நன்றாகத் தாங்கும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் மட்டும் அந்தப் பலன் போய்விடும். இண்டக்‌ஷனுக்கு ஆகுமா என்பதை இதிலும் காந்தம் வைத்துத்தான் பார்க்கணும்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஆவடியில் மூன்று பேர் தங்கியிருக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். இண்டக்‌ஷன் மட்டும்தான். காலையில் பொங்கல் அல்லது கிச்சடி, ராத்திரி தக்காளி சாதம், மிச்சத்தை அப்படியே மூடிவைத்து மறுநாள் டிபன் பாக்ஸில் கட்டுவார்கள். இவர்களுக்கு மூன்று லிட்டர் சாண்ட்விச் பாட்டம் ஸ்டீல் குக்கர் சரி. வெங்காயம் தக்காளி வதக்கியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடியைக் கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். அடுப்பை முழு வேகத்தில் வைக்காமல் 1,000 வாட்ஸ் அளவில் ஆரம்பிக்கலாம். பொங்கலை நேரடியாக வைக்காமல் உள்பாத்திரத்தில் வைத்தால் தீயும் பேச்சே இல்லை.

அதே தெருவில் இன்னொரு வீடு. கேஸ் அடுப்பு, குக்கரில் சோறும் பருப்பும் மட்டும், குழம்பு தனிச் சட்டியில். அவர்களுக்கு சாதாரண அலுமினிய குக்கரே போதும். எடையும் குறைவு, விலையும் குறைவு.

எதை எடுத்தாலும் கடைசியாக ஒன்றைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற எண்ணும், கீழே CM/L என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்கும். BIS Care ஆப்பில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், இப்போது செல்லுமா என்று காட்டும். பெட்டியில் இருக்கும் பெயரும் ஆப்பில் வரும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த குக்கர் வேண்டாம்.