தொண்டையில் தங்கிவிடும் மருந்து

"இன்ஹேலர் எடுத்து முடிச்சதும் என்ன பண்றீங்க?"

"ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிடுவேன் டாக்டர்."

ஆஸ்துமா நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. குடிப்பதும் கொப்பளிப்பதும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் வாய் நனைகிறது. ஆனால் ஒன்றில் மருந்து வயிற்றுக்குள் இறங்குகிறது, இன்னொன்றில் வாஷ்பேசினுக்குப் போகிறது. கொப்பளிக்காத வாயில் கொஞ்சம் அங்கேயே தங்கியும் விடுகிறது.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தொடுகிறது, சர்க்கரை நோயும் உண்டு. ஆஸ்துமாவுக்காகக் காலையும் இரவும் ரோட்டாஹேலரில் கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சுகிறார். வீசிங் நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து சாம்பார் காரம் நாக்கில் சுரீரென்று எரிகிறது, எதைச் சாப்பிட்டாலும் ருசி மாறித் தெரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் மேலண்ணத்திலும் நாக்கின் பின்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள். நான்காவது பீரியடுக்குள் குரலும் கம்மிவிடுகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான் காரணம். ஆனால் இரண்டும் ஒரே வகைத் தொல்லை அல்ல. வாயில் நடப்பது ஒன்று, குரல்வளையில் நடப்பது இன்னொன்று. கொப்பளிப்பது முதலாவதை நன்றாகத் தடுக்கும். இரண்டாவதிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. ஏன் என்பது மருந்து போகும் வழியைப் பார்த்தால் புரியும்.

அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கும் இன்ஹேலருக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக் கூடாது என்று கேட்டாள். அடுத்த ஆண்டே அப்படியொரு இன்ஹேலர் கடைக்கு வந்தது. ஸ்டீராய்டு அதற்குள் ஏறியது 1970களின் தொடக்கத்தில்தான். ஆக, இது ஸ்ப்ரே குடும்பத்தில் பிறந்த பொருள். மருந்து வெளியே வரும்போதே பாய்ந்து வருகிறது. நாக்குக்குப் பின்னால் தொண்டை செங்குத்தாகக் கீழே திரும்புகிறது. வேகமாக வரும் துகளால் அந்தத் திருப்பத்தில் வளைய முடிவதில்லை. நேரே போய்த் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. சாதாரண இன்ஹேலரை நேரடியாக வாயில் வைத்து அடித்தால், நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் நூற்றில் பத்து இருபது பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் விழுகிறது.

ரோட்டாஹேலரின் பொடி தானாகப் பாய்வதில்லை. நாம் இழுக்கும் இழுப்பில்தான் வருகிறது. ஆனால் அதை வேகமாக, பலமாக இழுத்தாக வேண்டும். அதனால் அங்கேயும் தொண்டைச் சுவருக்கு அதன் பங்கு போய்விடுகிறது.

வாயில் படிந்த ஸ்டீராய்டு என்ன செய்கிறது? கேண்டிடா என்ற பூஞ்சை நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அதை அடக்கிவைப்பது வாயில் காவல் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள். ஸ்டீராய்டின் வேலையே எதிர்ப்பு அணுக்களின் ஆவேசத்தைத் தணிப்பதுதான். மூச்சுக்குழாயில் அதுதான் நமக்குத் தேவை; வீக்கம் வடிவது அதனால்தான். அதே வேலையை அது வாயிலும் செய்துவிட்டால் காவல் தளர்கிறது, பூஞ்சை பெருகுகிறது. இதைத்தான் ‘த்ரஷ்’ என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள், பல்செட் போட்டவர்கள், அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு உறிஞ்சுபவர்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். சுத்தமான துணியை விரலில் சுற்றி மெதுவாக வழித்தால் த்ரஷ் பெரும்பாலும் வந்துவிடும், அடியில் சிவந்த, எரியும் தோல் தெரியும். சிலருக்கு வெள்ளையே இல்லாமல் சிவப்பும் எரிச்சலும் மட்டும் இருக்கும். பல்செட்டுக்கு அடியில் இப்படி ஆவதுண்டு. வழித்தாலும் வராத வெள்ளைத் திட்டு வேறு கதை. வெற்றிலை, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை ‘இன்ஹேலர் சூடு’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்கலாம். அதற்கும் தாமதிக்கக் கூடாது.

ஆசிரியைக்கு வந்தது வழித்தால் வரும் வகை. வாயில் தடவுகிற பூஞ்சை மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். ஒன்றிரண்டு வாரத்தில் திட்டுகள் மறைந்துவிடும். ஆனால் பழக்கம் மாறாவிட்டால் திரும்ப வரும். ஆகவே கொப்பளிப்பதையும் ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார். மருந்து எடுத்தவுடனே ஒரு வாய் வெறும் தண்ணீர். கன்னங்களுக்குள் நன்றாகச் சுழற்றித் துப்ப வேண்டும். அடுத்த வாய்த் தண்ணீரோடு தலையை அண்ணாந்து ‘கள கள’வென்று தொண்டை வரைக்கும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை. உப்போ மவுத்வாஷோ தேவையில்லை.

இதில் ‘உடனே’ என்பதுதான் முக்கியம். படிந்த மருந்து நிமிடங்களில் திசுவுக்குள் ஊறிவிடுகிறது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து கொப்பளித்தால் துப்புவதற்கு மருந்து அதிகம் மிச்சமிருக்காது. இன்ஹேலரை டூத்பிரஷ் பக்கத்தில் வைத்துவிட்டு, மருந்து எடுத்த கையோடு பல் தேய்ப்பது மறதிக்காரர்களுக்கு நல்ல உபாயம். மூச்சு முட்டும்போது அவசரத்துக்கு அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இல்லை. அதற்கு இந்தச் சடங்கு வேண்டியதில்லை.

இனி ஸ்பேசர். பார்வைக்கு அது ஒரு காலி பிளாஸ்டிக் குழல். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறுமுனையை வாயில் வைக்க வேண்டும். இவ்வளவு பெரிய டப்பாவா என்று வாங்கிய பலர் அதை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் வேலை நடப்பது அந்தக் காலி இடத்தில்தான். பாய்ந்து வரும் மருந்து அங்கே வேகம் இழக்கிறது. மாவு சலிக்கும்போது கப்பி தங்குவதுபோல, பெரிய துகள்கள் குழலின் சுவரிலேயே ஒட்டி நின்றுவிடுகின்றன. மெல்லிய துகள்கள் மட்டும் மிதந்து நிற்க, நாம் அவற்றை நிதானமாக உள்ளே இழுக்கிறோம். தொண்டையில் விழ வேண்டியது பிளாஸ்டிக்கில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நுரையீரலுக்குப் போவது குறைவதில்லை. அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்யத் தடுமாறுபவர்களுக்குக் கூடவும் செய்கிறது.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் மட்டும் அடித்து, உடனே மெதுவாக ஆழ இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். அது முடியாதவர்கள் இயல்பாக ஐந்து மூச்சு விட்டு வாங்கலாம். இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, மருந்து சுவரோடு போய்விடும். சில ஸ்பேசர்கள் விசில் அடிக்கும். சரியாகச் செய்கிறோம் என்று சிலர் சந்தோஷப்படுவதுண்டு, உண்மையில் அது ‘இவ்வளவு வேகமாக இழுக்காதே’ என்ற எச்சரிக்கை. மாஸ்க் வைத்து எடுக்கும் குழந்தைக்கு வாயோடு முகத்தையும் கழுவிவிட வேண்டும். ஸ்பேசர் இருந்தாலும் கொப்பளிப்பதை விட்டுவிடக் கூடாது.

ஒரு வரம்பும் உண்டு. புஸ்ஸென்று அடிக்கும் வகைக்குத்தான் ஸ்பேசர் பொருந்தும், ரோட்டாஹேலரோடு சேராது. ஆகவே நம் ஆசிரியைக்கு மருத்துவர் அதே மருந்தை இன்ஹேலராக மாற்றி, ஸ்பேசரோடு தருகிறார்.

இரண்டு மாதத்தில் வாய் சுத்தமாகிவிட்டது. குரல் மட்டும் பாதிதான் தேறியது.

காரணம், குரல்நாண்கள் இருக்கும் இடம். நாம் எவ்வளவு அண்ணாந்து கொப்பளித்தாலும் தண்ணீர் அங்கே இறங்குவதில்லை. இறங்கினால் புரை ஏறிவிடும். ஸ்பேசராலும் அந்த இடத்தை முழுக்கக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் நுரையீரலுக்குப் போகும் ஒவ்வொரு துகளும் அந்த இரண்டு நாண்களுக்கு நடுவேதான் நுழைந்தாக வேண்டும். சிலருக்கு ஸ்டீராய்டு பட்டுப்பட்டு நாண்களை இயக்கும் தசை தளர்ந்துபோகிறது. பேசும்போது நேராக ஒன்றையொன்று தொட வேண்டிய நாண்கள் வில்போல் லேசாக வளைந்து நிற்க, இடைவெளியில் காற்று கசிகிறது. கம்மல் என்று நாம் கேட்பது அந்தக் கசிவைத்தான். வேறு சிலருக்கு அங்கே எரிச்சலோ பூஞ்சையோ காரணமாக இருக்கலாம். ஆசிரியர், பாடகர், கண்டக்டர் என்று குரலால் பிழைப்பவர்களுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் பலர் யாரிடமும் கேட்காமல் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லே பாதிப் பயத்தைக் கிளப்புகிறது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உறிஞ்சுகிறவர், அதை நிறுத்தி ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே விழுங்கக் கொடுக்கும் பிரட்னிசலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எடையில் அது நூறு மடங்கு, அதுவும் உடம்பு முழுக்கப் பரவுவது.

குரலுக்கு நல்ல வழி அளவைக் குறைப்பது. ஆஸ்துமா சுமார் மூன்று மாதம் தொடர்ந்து நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால், மருத்துவர் ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். சிக்ளசோனைடு போன்ற மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. அது வாயில் இருக்கும்போது பெரும்பாலும் செயலற்றுக் கிடந்து, நுரையீரலுக்குப் போன பிறகே வேலையைத் தொடங்கும். தசைத் தளர்ச்சி நிரந்தரமானதல்ல. சில வாரங்களில் சரியாகிவிடும். அப்படியும் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால், முக்கியமாகப் புகைபிடிப்பவர் என்றால், பழியை இன்ஹேலர்மேல் போட்டுவிட்டு உட்காராமல், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் குரல்நாண்களைக் காட்டிவிட வேண்டும்.

ஆசிரியைக்கு அளவு பாதியானது. மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேசரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசிக் கவிழ்த்துவைக்கிறார். ஈரம் சொட்டுகிறதே என்று மருமகள் அன்போடு துண்டால் துடைக்க வந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடுகிறார். துடைத்தால் தலை சீவிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பதுபோல, பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அது காற்றில் தானாகக் காய வேண்டும்.