இழுக்கும் முன் தள்ள வேண்டும்

வெள்ளாடு குட்டி போடுவதற்குப் பெரும்பாலும் டாக்டர் தேவைப்படுவதில்லை. சினை பிடித்து ஏறக்குறைய 150 நாள் ஆனதும் மடி இறங்கும், ஆடு மந்தையை விட்டு ஒதுங்கித் தரையைக் காலால் பிறாண்டும். விடிந்து பார்த்தால் இரண்டு குட்டிகள் நின்றுகொண்டிருக்கும். தேவைப்படுகிற சில இரவுகளில் என்ன நடக்கிறது என்பதைக் கதையாகச் சொல்கிறேன். வருகிற மனிதர்கள் கற்பனை. வைத்திய முறை, ஆடு வளர்ப்பவர்கள் நம்பி எடுத்துக்கொள்ளக் கூடியது.

ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பண்ணை. மரப்பலகை அடித்த பரணில் நாற்பது சேலம் கருப்பு ஆடுகள். கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு பயிற்சிக் காலம். அந்தப் பயிற்சியில் இருக்கும் மாணவிக்கு இரவுப் பணியில் இதுதான் முதல் நாள். பக்கத்து ஊரில் ஒரு பசு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "நீ முன்னால போம்மா, நான் முக்கால் மணி நேரத்துல வந்துடறேன். போனவுடனே எனக்குப் போன் பண்ணு" என்று அனுப்பி வைத்தார். அவள் போய் இறங்கியபோது மணி 11.15.

"வாங்க டாக்டரம்மா" என்று டார்ச்சோடு வந்தார் பண்ணைக்காரம்மா. "தலையீத்துங்க. ரெண்டு காலும் வெளிய வந்துடுச்சு, அப்புறம் நகரவே மாட்டேங்குது. நானும் இழுத்துப் பார்த்துட்டேனுங்க."

மாணவி ஆட்டைத் தொடும் முன் மூன்று கேள்வி கேட்டாள். பனிக்குடம் எப்போது உடைந்தது? பத்து மணிக்கு. எப்போதிலிருந்து முக்குகிறது? அதிலிருந்தே. யாராவது உள்ளே கை விட்டார்களா? இல்லை, காலை மட்டும் பிடித்து இழுத்தோம்.

இந்தப் பதில்களிலேயே பாதி விஷயம் வந்துவிடுகிறது. பனிக்குடம் உடைந்து ஆடு பலமாக முக்கத் தொடங்கினால் அரை மணி நேரத்தில், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்தில், முதல் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். இங்கே ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது. உள்ளே ஏதோ தடுக்கிறது.

ஒழுங்காக வருகிற குட்டி, தண்ணீரில் குதிப்பவனைப் போல இரண்டு முன்னங்கால்களையும் நீட்டி, அவற்றின் மேல் மூக்கை வைத்தபடி வரும். டார்ச் வெளிச்சத்தில் மாணவி பார்த்தபோது இரண்டு குளம்புகள் தெரிந்தன. மூக்கு இல்லை.

டாக்டருக்குப் போன் செய்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பரண் கட்டையில் வைத்தாள்.

"முதல்ல அது முன்னங்காலா பின்னங்காலான்னு சொல்லும்மா" என்றார் அவர்.

வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீளக் கையுறை மாட்டிக்கொண்டாள். கையுறை ஆட்டுக்கு மட்டுமல்ல, அவளுக்கும் பாதுகாப்பு. புருசெல்லா போன்ற கிருமிகள் பிரசவ நீரிலிருந்து மனிதருக்குத் தொற்றும். அதனால்தான் கர்ப்பிணிகள் ஆட்டுப் பிரசவத்தில் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். கையுறை மேல் லிக்விட் பாரபின் தாராளமாக ஊற்றிக்கொண்டு, விரல்களைக் குவித்து மெல்ல உள்ளே விட்டாள். கர்ப்பப்பை வாய் நன்றாகத் திறந்திருந்தது. திறக்காமல் இறுகிய வளையம் போலக் கையில் தட்டியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்பாள். அதைப் பலவந்தமாக விரித்தால் கர்ப்பப்பை கிழியும்.

காலைப் பிடித்து மூட்டு மூட்டாக மேலே தடவிக்கொண்டு போனாள். குளம்புக்கு மேலே முதல் மூட்டு. அதற்கு மேலே இரண்டாவது மூட்டு. இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் மடங்கினால் பின்னங்கால். இருட்டில், வழுக்கலில், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கைக்குக் கிடைக்கிற நிச்சயமான அடையாளம் இது ஒன்றுதான்.

"முன்னங்கால்தான் சார்."

"ரெண்டும் ஒரே குட்டியோடதான்னு எப்படித் தெரியும்?"

அவள் யோசிக்காத கேள்வி. இரட்டைக் குட்டிகளில் ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு இரண்டும் வாசலில் மாட்டிக்கொள்வது உண்டு. அந்த நிலையில் இரண்டு காலையும் சேர்த்து இழுத்தால் இரண்டு குட்டியும் வராது. ஒரு காலைப் பிடித்துத் தோள் வரை போய், நெஞ்சைக் கடந்து மறு காலில் இறங்கினாள். ஒரே குட்டிதான். குளம்புகளின் இடுக்கில் கிள்ளினாள். கால் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது.

நெஞ்சிலிருந்து கழுத்தைத் தேடினாள். கழுத்து நேராக வராமல் இடப்பக்கம் வளைந்து போயிற்று. விரல் நுனிக்கு ஒரு காது தட்டுப்பட்டது. குட்டி தன் விலாவைத் திரும்பிப் பார்த்தபடி கிடந்தது.

பண்ணைக்காரம்மாவின் இழுப்பு ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரியும். தலை திரும்பிய குட்டியின் காலை இழுத்தால், தோள் முன்னே வந்து இடுப்பெலும்பு வளையத்தை அடைத்துக்கொள்ளும். தலை வருவதற்கு வழியே இல்லாமல் போகும். இழுக்க இழுக்கக் கழுத்து மேலும் மடங்கும். பலம் போதாமல் குட்டி நிற்கவில்லை. பலம் கொடுத்ததால்தான் இறுகி நிற்கிறது. கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசியான ஆக்சிடோசினை இந்த நேரத்தில் போடுவதும் அதே தப்புதான். வழி அடைந்திருக்கும்போது கர்ப்பப்பையை முடுக்கிவிட்டால் அது கிழியலாம்.

"பதினஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணு" என்றார் டாக்டர். "தலை வரலேன்னா நிறுத்திடு. வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஆபரேஷன் பண்ணிக்கலாம். மணியைப் பார்த்து வச்சுக்கோ."

பண்ணைக்காரம்மாவும் அவர் மகனும் ஆட்டின் பின்பக்கத்தை ஒரு சாக்கு மூட்டையின் மேல் உயர்த்திப் பிடித்தார்கள். வயிற்றில் உள்ளதெல்லாம் முன்னால் சரிய, கைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. குட்டியின் இரு கால்களிலும் கணுவுக்கு மேலே பருத்திக் கயிற்றால் சுருக்கு மாட்டி, நுனியை மகனிடம் கொடுத்தாள். "இழுக்காதீங்கண்ணா. உள்ள போனா தேடாம இருக்கறதுக்குத்தான் இது."

பிறகு, ஆடு முக்காத நேரம் பார்த்து, உள்ளங்கையைக் குட்டியின் நெஞ்சில் வைத்து உள்ளே தள்ளினாள்.

"ஏனுங்க, வெளிய எடுக்கச் சொன்னா உள்ள தள்றீங்க?" என்று பதறினார் பண்ணைக்காரம்மா.

திரும்புவதற்கு உள்ளேதான் இடம் இருக்கிறது, வாசலில் இல்லை. ஆடு முக்கும்போது அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். முக்கு தளர்ந்ததும் ஒரு விரற்கடை தள்ளினாள். நான்காவது தள்ளலில் தாடை கைக்கு வந்தது. தாடையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். வெள்ளாட்டுக் குட்டி பிறக்கும்போதே முன்பற்கள் முளைத்திருப்பதுண்டு. அவற்றை மூடாமல் தலையைத் திருப்பினால் பல் கர்ப்பப்பையைக் கீறிவிடும். ஒரு கை நெஞ்சைத் தள்ள இடமில்லாததால், விரல்களால் தள்ளியும் வளைத்தும் மாற்றி மாற்றிச் செய்தாள். தலை சட்டென்று நேராகி மூக்கு வாசலுக்குத் திரும்பியபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

இனிதான் இழுப்பு. அதுவும் ஆடு முக்கும்போது மட்டும், நேராக அல்ல, ஆட்டின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்வாட்டில். இரண்டு காலையும் ஒருசேர இழுக்காமல் ஒன்றைச் சற்று முன்னே விட்டால் தோள் சாய்வாகி எளிதில் நுழையும். மூன்றாம் முக்கில் குட்டி வைக்கோலில் வந்து விழுந்தது.

உடம்பெல்லாம் மஞ்சள் கறை. உள்ளே மூச்சுத் திணறிய குட்டி தன் முதல் மலத்தைக் கழித்துவிட்டதன் அடையாளம் அது. அசைவில்லை. வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை விரலால் வழித்து, பழைய துண்டால் விலாவை அழுத்தித் தேய்த்து, மூக்குத் துவாரத்தில் ஒரு வைக்கோலை விட்டாள். குட்டி தும்மியது. தலையை உதறி ஒரு தரம் கத்தியது.

தாய் நக்கத் தொடங்கியதும், மாணவி மறுபடி கையைக் கழுவி உள்ளே விட்டாள். ஒரு குட்டி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது இருந்தது. மூட்டுகள் எதிரெதிராக மடங்கின, பின்னங்கால். திருப்ப வேண்டியதில்லை, பின்பக்கமாகவே வரலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதிக்கக் கூடாது. கொடி நசுங்கி, தலை உள்ளே இருக்கும்போதே குட்டி மூச்சிழுத்துத் தண்ணீர் குடித்துவிடும். இந்தக் குட்டியை அரை நிமிடத்தில் எடுத்தாள். டாக்டரின் பைக் சத்தம் அப்போதுதான் கேட்டது.

அவர் மூன்றாவது குட்டி இல்லை, கிழிசல் இல்லை என்று உள்ளே பார்த்து உறுதி செய்து, கை விட்ட ஆடாயிற்றே என்று ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். மாணவி குட்டிகளின் தொப்புளை டிங்க்சர் அயோடினில் முக்கினாள்.

"நஞ்சு விழுந்தப்புறம்தானே பால் விடணும்?" என்று கேட்டார் வீட்டுப் பாட்டி. ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதில்லை. அது சீம்பாலில் மட்டுமே இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. எனவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி, பல தவணையாகப் போக வேண்டும். இரண்டாவது குட்டி தானாக மடியைத் தேடிப் போயிற்று. முதல் குட்டியின் வாயில் விரல் வைத்தாள் மாணவி. சில்லென்று இருந்தது. குளிர்ந்த குட்டிக்குப் பாலைப் புகட்டினால் செரிக்காது, புரையேறவும் கூடும். துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, வாய் சூடான பிறகு, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே பால் கொடுத்தாள்.

நஞ்சு மூன்று மணிக்கு விழுந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தால் கவலையில்லை. அதற்கு மேல் தொங்கினாலும் கையால் இழுக்கவோ கல் கட்டவோ கூடாது.

ஆடு வளர்ப்பவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். பனிக்குடம் உடைந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு கால் தெரிந்து மூக்கு தெரியவில்லையென்றால், அவர் வரும் வரை காலைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் ஊர் டாக்டரின் எண்ணை இன்றே பட்டிக் கதவில் எழுதி வையுங்கள்.